விடுப்புப் பண ஒதுக்கீடு: பணம் கொடுத்தபோது எந்தக் கணக்கில் பற்று வைப்பது?

வார்ப்படக் கணக்கர் | 16 ஏப்ரல் 2025

அனைவருக்கும் வணக்கம். கோவையில் 22 தொழிலாளர்கள் வேலை செய்யும் ஒரு பவுண்டரியின் கணக்குப் பொறுப்பைக் கடந்த பிப்ரவரியில் ஏற்றிருக்கிறேன். இது கூட்டாண்மை நிறுவனம். தொழிலாளர்கள் எடுக்காமல் சேர்த்து வைத்திருக்கும் ஈட்டிய விடுப்புக்கு ஒவ்வோர் ஆண்டும் மார்ச் 31 அன்று ஒதுக்கீடு செய்யும் வழக்கம் இங்கே உண்டு. எனக்கு முன் இருந்தவர் விட்டுச் சென்ற பேரேட்டைப் பார்த்தபோது எழுந்த ஐயத்தைத் தணிக்கையாளரிடம் போவதற்கு முன் இங்கே வைக்கிறேன்.

31-3-2024 அன்று விடுப்புப் பண ஒதுக்கீட்டுக் கணக்கில் ரூ. 2,14,500 இருந்தது. 2024 ஏப்ரலில் சிலர் கேட்டதன் பேரில் ரூ. 96,000 விடுப்புப் பணமாகக் கொடுக்கப்பட்டது. அப்போது 'விடுப்புப் பணச் செலவு' கணக்கில் பற்று வைத்து வங்கியில் வரவு வைத்திருக்கிறார்கள்; ஒதுக்கீட்டுக் கணக்கை யாரும் தொடவில்லை. இந்த மார்ச் 31 நிலவரப்படி நான் பதிவேட்டைப் பார்த்துக் கணக்கிட்டதில் ரூ. 2,38,000 தேவைப்படுகிறது. பழைய வழக்கத்தின்படி அந்த முழுத் தொகையையும் செலவில் பற்று வைத்தால் ஒதுக்கீட்டில் ரூ. 4,52,500 நிற்கும். இன்று 22 பேரும் ஒருசேர வேலையை விட்டுப் போனாலும் அவ்வளவு பணம் கொடுக்க வேண்டி வராது என்பதால், எங்கோ தவறு இருக்கிறது என்று மட்டும் தெரிகிறது. எந்தப் பதிவு தவறு என்பதைச் சொல்ல முடியுமா?

---

பேரேடு67 | 16 ஏப்ரல் 2025

பணம் கொடுத்தபோது செலவில் பற்று வைத்தது சரிதான், தம்பி. சம்பளம் சார்ந்த எதையும் கொடுத்த ஆண்டின் செலவாகத்தான் நாங்கள் முப்பது ஆண்டுகளாக எழுதி வருகிறோம். விட்டுப் போனது வேறொன்று. ஏப்ரல் 1 அன்று பழைய ஒதுக்கீடு முழுவதையும் எதிர்ப்பதிவு போட்டு எடுத்துவிட வேண்டும். அதைச் செய்துவிட்டால் எல்லாம் சமனாகிவிடும்.

கூடவே இரண்டு விஷயங்கள். நாள் சம்பளத்தை எப்போதும் மாதச் சம்பளத்தை 26 ஆல் வகுத்தே எடுங்கள். வருமான வரியில் இந்த ஒதுக்கீடு முழுவதும் கழிவாகக் கிடைக்கும். உச்ச நீதிமன்றம் பாரத் எர்த் மூவர்ஸ் வழக்கில் 2000இலேயே அதைச் சொல்லிவிட்டது.

---

மீனா (தணிக்கை அலுவலகம்) | 17 ஏப்ரல் 2025

பேரேடு67 ஐயா சொன்ன எதிர்ப்பதிவு முறை தவறில்லை. உங்கள் பேரேட்டைப் பார்த்தால் முன்பு இருந்தவரும் அந்த முறையைத்தான் மனத்தில் வைத்திருந்தார் என்று தோன்றுகிறது, ஏனென்றால் பணம் கொடுத்ததைச் செலவில் எழுதுவதும், ஆண்டு முடிவில் முழுத் தொகையையும் புதிதாக ஒதுக்குவதும் அந்த முறையின் இரண்டு பகுதிகள். மூன்றாவது பகுதியான ஏப்ரல் 1 எதிர்ப்பதிவு மட்டும் விடுபட்டிருக்கிறது. வழக்கப்படி மார்ச் பதிவையும் போட்டால் செலவில் 96,000 உடன் 2,38,000 சேர்ந்து 3,34,000 நிற்கும். நிற்க வேண்டியது 1,19,500 மட்டுமே. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு 2,14,500. அதாவது தொடக்க ஒதுக்கீடு அப்படியே. மிகை எவ்வளவு என்று பார்த்து, அது தொடக்க இருப்போடு காசு பிசகாமல் பொருந்தினால், காரணத்தைத் தேடி வேறெங்கும் போக வேண்டியதில்லை.

எனினும், எதிர்ப்பதிவை நம்பி இருப்பதைவிட, பணம் கொடுக்கும்போதே ஒதுக்கீட்டைக் குறைக்கும் முறையைத்தான் நான் பரிந்துரைப்பேன். எதிர்ப்பதிவு முறையில் ஆண்டின் நடுவே பேரேட்டைப் பார்த்தால் பொறுப்பு சுழியமாகத் தெரியும். வங்கிக்குச் செப்டம்பர் நிலவரத்தைக் கொடுக்கும் நிறுவனங்களுக்கு அது பொருந்தாது. நேரடி முறையில் பதிவுகள் இப்படி அமையும்.

பணம் கொடுத்தபோது:

விடுப்புப் பண ஒதுக்கீடு க/கு ப. 96,000
வங்கி க/கு 96,000

இதன் பிறகு ஒதுக்கீட்டில் மிஞ்சுவது 1,18,500. மார்ச் 31 அன்று தேவை 2,38,000 என்றால், வேறுபாட்டை மட்டும் ஒதுக்க வேண்டும்:

விடுப்புப் பணச் செலவு க/கு ப. 1,19,500
விடுப்புப் பண ஒதுக்கீடு க/கு 1,19,500

உங்கள் நிறுவனத்தில் பழைய இரு பதிவுகளும் ஏற்கெனவே கணினியில் ஏறியிருந்தால் அவற்றை அழிக்க வேண்டாம். ஒதுக்கீட்டில் 2,14,500 பற்று வைத்து, விடுப்புப் பணச் செலவில் அதே தொகையை வரவு வைத்து, விளக்கத்தில் காரணத்தை எழுதிவிட்டால் போதும்.

வகுக்கும் எண்ணையும் வரியையும் பற்றிப் பிறகு எழுதுகிறேன். ஐயா சொன்னதில் இரண்டும் பாதி சரி.

---

ஆலைத் தொழிலாளி | 17 ஏப்ரல் 2025

நான் ஒரு தனியார் ஆலையில் வரும் மே மாதம் ஓய்வு பெறுகிறேன். என் கணக்கில் 110 நாள் ஈட்டிய விடுப்பு இருக்கிறது. 25 லட்சம் வரை வரி கிடையாது என்று சொல்கிறார்கள். நிறுவனம் ஒதுக்கீடு செய்திருந்தால்தான் இந்தச் சலுகை கிடைக்குமா?

---

மீனா (தணிக்கை அலுவலகம்) | 17 ஏப்ரல் 2025

ஐயா, உங்கள் வரிச் சலுகைக்கும் நிறுவனம் தன் புத்தகத்தில் ஒதுக்கீடு செய்ததற்கும் தொடர்பில்லை. ஓய்வு பெறும்போது கிடைக்கும் விடுப்புப் பணத்துக்கான விலக்கின் உச்ச வரம்பு 2023 ஏப்ரல் முதல் 25 லட்சம் ஆக்கப்பட்டது. ஆனால் அது உச்ச வரம்பு மட்டுமே. உண்மையில் பெற்ற தொகை, பத்து மாதச் சராசரிச் சம்பளம், பணி செய்த ஒவ்வொரு முழு ஆண்டுக்கும் 30 நாளுக்கு மேற்படாமல் கணக்கிட்ட மீத விடுப்பின் மதிப்பு ஆகியவற்றோடு ஒப்பிட்டு, எது குறைவோ அதற்குத்தான் விலக்கு. பணியில் இருக்கும்போதே விடுப்பைப் பணமாக்கினால் இந்த விலக்கு கிடைக்காது. இதற்குத் தனி இழை தொடங்கினால் நல்லது. இங்கே முதலாளி பக்கத்துக் கணக்கைத்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

---

வார்ப்படக் கணக்கர் | 18 ஏப்ரல் 2025

மிக்க நன்றி, அம்மா. மிகை தொடக்க இருப்போடு அப்படியே பொருந்துகிறது என்று நீங்கள் காட்டிய பிறகு எனக்கு ஐயமே இல்லை.

2,38,000 என்ற தொகையையும் சரிபார்த்துவிடலாம் என்று இதையும் கேட்கிறேன். எங்கள் விடுப்புப் பதிவேடு ஜனவரி முதல் டிசம்பர் வரை நடக்கிறது. 2024இல் உழைத்த நாட்களுக்கான விடுப்பு 1-1-2025 அன்று ஒவ்வொருவர் பக்கத்திலும் வரவு வைக்கப்பட்டது. அதிலிருந்து ஜனவரி முதல் மார்ச் வரை எடுத்த விடுப்பைக் கழித்து, மீதி நாட்களுக்குத்தான் கணக்குப் போட்டேன். 20 நாள் உழைப்புக்கு ஒரு நாள் விடுப்பு என்பது கணக்கு.

---

மீனா (தணிக்கை அலுவலகம்) | 18 ஏப்ரல் 2025

அப்படியானால் உங்கள் 2,38,000 குறைவு. கணக்கு ஆண்டு மார்ச்சிலும் விடுப்பு ஆண்டு டிசம்பரிலும் முடியும் நிறுவனங்களில் இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். இந்த ஜனவரி, பிப்ரவரி, மார்ச்சில் தொழிலாளர்கள் உழைத்த நாட்களுக்கான விடுப்பு 1-1-2026 அன்றுதான் பதிவேட்டில் ஏறும். ஆனால் உழைப்பு நடந்தது உங்கள் 2024-25 கணக்கு ஆண்டில். ஒதுக்கீடு செய்ய வேண்டிய காரணம் உழைப்பே தவிர, பதிவேட்டில் வரவு வைக்கும் தேதி அல்ல. ஒருவர் இந்த மூன்று மாதத்தில் 75 நாள் வேலைக்கு வந்திருந்தால் 75ஐ 20ஆல் வகுத்து 3.75 நாள் அவருக்குச் சேர்ந்துவிட்டது. வருகைப் பதிவேட்டை எடுத்து 22 பேருக்கும் இப்படிப் பாருங்கள்.

---

பேரேடு67 | 18 ஏப்ரல் 2025

இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன், மேடம். தொழிற்சாலைச் சட்டத்தில் ஓர் ஆண்டில் 240 நாள் வேலை செய்தால்தான் விடுப்புக்கு உரிமை. மார்ச் மாதத்தில் ஒருவருக்கும் 240 நாள் ஆகியிருக்காது. உரிமையே பிறக்காத ஒன்றுக்கு எப்படிப் பொறுப்பு காட்டுவது?

---

சிவா (தொழிலாளர் சட்ட ஆலோசகர்) | 19 ஏப்ரல் 2025

ஐயாவின் கேள்வி நியாயமானது. ஆனால் 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 79ஆம் பிரிவை முழுவதும் படித்தால் விடை அதற்குள்ளேயே இருக்கிறது. 240 நாள் என்பது விடுப்பை எடுப்பதற்கான தகுதி. ஆண்டின் நடுவே ஒருவர் விலகினாலோ, நீக்கப்பட்டாலோ, ஓய்வு பெற்றாலோ, இறந்தாலோ, அவர் 240 நாள் முடித்திருக்காவிட்டாலும் அதுவரை உழைத்த நாட்களுக்கு உரிய விடுப்புச் சம்பளத்தைக் கொடுத்தே தீர வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. விலகியவருக்கும் நீக்கப்பட்டவருக்கும் இரண்டாம் வேலை நாள் முடிவதற்குள், ஓய்விலும் இறப்பிலும் இரண்டு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். ஆகவே மார்ச் 31 அன்று அந்த மூன்று மாத விடுப்பும் பணமாகக் கொடுக்க வேண்டிய பொறுப்புதான்.

வகுக்கும் எண்ணைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். 26 என்ற எண் பணிக்கொடைச் சட்டத்தில் எழுதப்பட்டது. விடுப்புக்கு 80ஆம் பிரிவு வேறு வழி சொல்கிறது. விடுப்புக்கு முந்தைய மாதத்தில் தொழிலாளி உண்மையில் வேலை செய்த நாட்களுக்கான முழு ஊதியத்தின் நாள் சராசரிதான் விகிதம். அகவிலைப்படி அதில் சேரும். மிகைநேர ஊதியமும் போனசும் சேராது. மாதம் 19,500 பெறும் ஒருவர் அந்த மாதத்தில் 26 நாள் வந்திருந்தால் நாளுக்கு 750 என்று வரும். அப்போது ஐயா சொன்ன 26 சரியாகப் பொருந்திவிடுகிறது. அடிப்படைச் சம்பளத்தை மட்டும் எடுத்து 26ஆல் வகுப்பவர்கள்தான் குறைவாக ஒதுக்குகிறார்கள்.

இன்னொன்று. அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகும் விடுப்புக்குப் பெரியவர்களைப் பொறுத்தவரை 30 நாள் வரம்பு உண்டு. யாருக்காவது பதிவேட்டில் அதற்கு மேல் நின்றால், அவர் கேட்டும் நிர்வாகம் மறுத்த விடுப்பா என்று பாருங்கள். மறுக்கப்பட்ட விடுப்புக்கு அந்த வரம்பு இல்லை.

---

வார்ப்படக் கணக்கர் | 21 ஏப்ரல் 2025

வருகைப் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். ஜனவரி முதல் மார்ச் வரையிலான உழைப்புக்கு 22 பேருக்கும் சேர்த்து 84 நாள் வருகிறது. சராசரியாக நாளுக்கு 750 என்று வைத்தால் ரூ. 63,000. எனவே தேவை 3,01,000 ஆகிறது. ஆனால் இதே தவறு 31-3-2024 கணக்கிலும் இருந்திருக்கிறது. அப்போதைய சராசரி 700, நாட்கள் 80, விடுபட்டது ரூ. 56,000. 63,000 முழுவதையும் இந்த ஆண்டின் செலவாகக் காட்டுவதா?

சிவா ஐயா கேட்டபடி 30 நாளுக்கு மேல் இருப்பவர்களையும் பார்த்தேன். உருக்கு உலையில் இருக்கும் ஒருவருக்கு மட்டும் 41 நாள் நிற்கிறது. உலையைப் பார்த்துக்கொள்ள வேறு ஆள் இல்லாததால் விடுப்பு தரப்படவில்லை என்று மேற்பார்வையாளர் சொல்கிறார். எழுத்தில் எதுவும் இல்லை.

---

மீனா (தணிக்கை அலுவலகம்) | 21 ஏப்ரல் 2025

63,000இல் 56,000 சென்ற ஆண்டின் விடுபாடு. இந்த ஆண்டுக்கு உரியது மீதி 7,000 மட்டுமே. எனவே இந்த ஆண்டின் விடுப்புப் பணச் செலவு 1,19,500 உடன் 7,000 சேர்ந்து 1,26,500. 56,000ஐ முந்தைய ஆண்டுக்குரிய செலவு என்று இலாப நட்டக் கணக்கில் தனி வரியாகக் காட்ட வேண்டும். சரிபார்க்க வேண்டுமானால் இப்படிப் பாருங்கள்: சென்ற ஆண்டு இருந்திருக்க வேண்டியது 2,70,500; கொடுத்தது 96,000; மிஞ்சியிருக்க வேண்டியது 1,74,500; இன்றைய தேவை 3,01,000; வேறுபாடு 1,26,500.

கூட்டாளிகளுக்குள் இலாப விகிதம் இடையில் மாறியிருந்தால் இந்தத் தனி வரி முக்கியமாகிறது. சென்ற ஆண்டின் செலவை இந்த ஆண்டு புதிதாகச் சேர்ந்த கூட்டாளி சுமக்க நேரிட்டால் கேள்வி எழாமல் இருக்காது.

உலைக்காரருடைய 11 நாளைப் பொறுத்தவரை, மறுக்கப்பட்டது என்று மேற்பார்வையாளரே சொல்வதால் நான் ஒதுக்கீட்டில் சேர்த்தே வைப்பேன். ஆனால் எழுத்து ஆதாரம் இல்லாததால் உங்கள் தணிக்கையாளர் வேறு விதமாகப் பார்க்கலாம்; நிர்வாகக் கூட்டாளியிடம் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

---

செல்வி திருப்பூர் | 22 ஏப்ரல் 2025

எங்கள் பனியன் நிறுவனத்தில் இதே தவறு வேறு வழியாக வந்தது. அதை இங்கே சொன்னால் சிலருக்கு உதவும். நாங்கள் சம்பளத்தை டேலியில் சம்பளப் பட்டியல் வழியாகப் போடுகிறோம். விடுப்புப் பணத்துக்கு ஒரு சம்பளத் தலைப்பு உருவாக்கி, அதை மற்றத் தலைப்புகளைப் போலவே செலவுக் குழுவின் கீழ் வைத்திருந்தோம். பணம் கொடுக்கும் மாதத்தில் சம்பளப் பட்டியலை ஓட்டியவுடன் டேலி தானாகவே செலவில் பற்று வைத்துவிடுகிறது. யாரும் கையால் தவறான பதிவு போடவில்லை என்பதால் யாருக்கும் ஐயம் வரவில்லை. இப்போது அந்த மாதமே செலவிலிருந்து ஒதுக்கீட்டுக்கு மாற்றும் குறிப்பேட்டுப் பதிவு ஒன்றைப் போட்டுவிடுகிறோம்.

எனக்கு இரண்டு கேள்விகள் உண்டு. ஊதிய உயர்வுக்குப் பிறகு விடுப்புப் பணம் கொடுத்தால், ஒதுக்கிய தொகையைவிடக் கூடுதலாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது. கூடுதலை எங்கே வைப்பது? பணமாக்காமல் விடுப்பாகவே எடுத்துக்கொண்டவர்களுக்கு ஒதுக்கீட்டை எப்படிக் குறைப்பது?

---

மீனா (தணிக்கை அலுவலகம்) | 22 ஏப்ரல் 2025

முதல் கேள்விக்கு ஒருவரையே எடுத்துக்கொள்வோம். மார்ச்சில் அவருக்கு 24 நாள், நாளுக்கு 700 வீதம் 16,800 ஒதுக்கியிருந்தீர்கள். ஏப்ரலில் ஊதியம் கூடி, ஜூலையில் நாளுக்கு 760 வீதம் 18,240 கொடுக்கிறீர்கள். வேறுபாடு 1,440. அந்த உயர்வு இந்த ஆண்டில் நடந்தது என்பதால் இந்த ஆண்டின் செலவு:

விடுப்புப் பண ஒதுக்கீடு க/கு ப. 16,800
விடுப்புப் பணச் செலவு க/கு ப. 1,440
வங்கி க/கு 18,240

18,240 முழுவதையும் ஒதுக்கீட்டிலேயே பற்று வைத்தாலும் ஆண்டு முடிவில் தேவைக்கும் இருப்புக்கும் உள்ள வேறுபாட்டை ஒதுக்கும்போது இந்த 1,440 தானாகச் செலவுக்கு வந்துவிடும், முடிவு ஒன்றுதான். சிறிய நிறுவனத்தில் இரண்டாம் வழியே எளிது. ஆனால் ஆள்வாரியான பட்டியல் ஒன்று கையில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் யாருக்கு ஒதுக்கியது யாருக்குப் போனது என்பதைப் பின்னால் யாராலும் சொல்ல முடியாது. வருமான வரிக்காகப் பணத்தில் பிடித்தம் இருந்தால் வங்கியில் வரும் தொகை மட்டும் குறைந்து, பிடித்தம் செலுத்த வேண்டிய கணக்கில் வரவாக நிற்கும். ஒதுக்கீட்டில் பற்று வைப்பது முழுத் தொகைதான்.

இரண்டாம் கேள்விக்குத் தனிப் பதிவே வேண்டாம். விடுப்பில் இருந்த நாட்களின் சம்பளம் அந்த மாதச் சம்பளச் செலவில் வழக்கம்போல் ஏறிவிட்டது. நாட்கள் குறைந்ததால் மார்ச் 31 அன்று தேவையும் குறைவாகவே வரும். ஆகவே ஒதுக்க வேண்டிய வேறுபாடும் குறையும். பலர் விடுப்பு எடுத்த ஆண்டில் வேறுபாடு எதிர்மறையாகவே வந்து, விடுப்புப் பணச் செலவுக் கணக்கு வரவு இருப்பு காட்டலாம். அதைக் கண்டு பதற வேண்டாம். சம்பளச் செலவோடு சேர்த்துப் பாருங்கள், மொத்தம் சரியாக இருக்கும்.

---

சிவா (தொழிலாளர் சட்ட ஆலோசகர்) | 22 ஏப்ரல் 2025

செல்வி அம்மாவுக்கு ஒரு சிறு சேர்க்கை. விடுப்பாக எடுத்த நாட்களின் சம்பளத்துக்கு வருங்கால வைப்பு நிதி பிடிக்க வேண்டும். விடுப்பைப் பணமாக்கிய தொகை அடிப்படை ஊதியம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2008இல் மணிப்பால் அகாடமி வழக்கில் சொல்லிவிட்டதால் அதற்குப் பிடித்தம் இல்லை. டேலியில் அந்தச் சம்பளத் தலைப்பு வைப்பு நிதிக் கணக்கில் சேராமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

---

மீனா (தணிக்கை அலுவலகம்) | 24 ஏப்ரல் 2025

வருமான வரி பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். பாரத் எர்த் மூவர்ஸ் வழக்கில் 2000இல் உச்ச நீதிமன்றம் விடுப்புப் பண ஒதுக்கீடு உறுதியான பொறுப்பு என்றும், கழிவாக அனுமதிக்க வேண்டும் என்றும் சொன்னது உண்மை. அதன் பிறகுதான் 2001ஆம் ஆண்டு நிதிச் சட்டம் 43B பிரிவில் (f) உட்பிரிவைச் சேர்த்து, உண்மையில் பணம் கொடுத்தால்தான் கழிவு என்று ஆக்கியது. கல்கத்தா உயர் நீதிமன்றம் 2007இல் அந்த உட்பிரிவு செல்லாது என்றது. எக்ஸைடு நிறுவனத்தின் அந்த வழக்கிலேயே 24-4-2020 அன்று உச்ச நீதிமன்றம் உட்பிரிவு செல்லும் என்று தீர்ப்பளித்துவிட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் பலர் ஒதுக்கீட்டையே கழிவாகக் கேட்டுவந்ததால் ஐயா சொன்னது இன்னும் பலர் நினைவில் நிற்கிறது.

வார்ப்படக் கணக்கர் இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாம் சரிசெய்த பிறகு 96,000 உங்கள் இலாப நட்டக் கணக்கில் எங்கும் தெரியாது. அது ஒதுக்கீட்டுக் கணக்கில்தான் இருக்கிறது. எனவே வருமானத்தைக் கணக்கிடும்போது, இலாப நட்டக் கணக்கில் உள்ள 1,26,500, 56,000 ஆகிய இரண்டையும் கூட்டி எழுதும் அதே தாளில், கொடுத்த 96,000ஐக் கழித்தும் எழுத வேண்டும். புத்தகத்தைச் சரியாக வைத்திருப்பவர்கள்தான் இந்தக் கழிவை மறக்கிறார்கள், ஏனென்றால் அது செலவுப் பட்டியலில் கண்ணில் படுவதில்லை. தணிக்கை அறிக்கை 3CD படிவத்தின் 26ஆம் கூறில் தொடக்கத்தில் நிலுவையாக இருந்து இந்த ஆண்டில் கொடுக்கப்பட்டது என்ற இடத்தில் இது வர வேண்டும்.

இதற்கு முன் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். அந்த 96,000 ஏப்ரல் 2024இல், அதாவது சென்ற ஆண்டின் வருமான வரிப் படிவம் தாக்கல் செய்யும் கடைசித் தேதிக்கு முன்பே கொடுக்கப்பட்டிருக்கிறது. அப்படிக் கொடுத்தால் ஒதுக்கிய ஆண்டிலேயே கழிவு கேட்கலாம். சென்ற ஆண்டின் படிவத்தில் கேட்டிருந்தால் இந்த ஆண்டு மறுபடி கேட்கக் கூடாது.

---

வார்ப்படக் கணக்கர் | 25 ஏப்ரல் 2025

சென்ற ஆண்டின் படிவத்தைப் பார்த்தேன். 2,14,500 முழுவதையும் கூட்டி எழுதியிருக்கிறார்கள். 96,000 எங்கும் கேட்கப்படவில்லை. ஆகவே இந்த ஆண்டு கேட்கலாம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

---

பேரேடு67 | 25 ஏப்ரல் 2025

கேட்கலாம்தான், ஆனால் சென்ற ஆண்டிலேயே கேட்டிருக்க வேண்டியது என்று அதிகாரி சொன்னால்? எனக்குத் தெரிந்த ஒருவருக்கு அப்படி ஒரு கேள்வி வந்தது.

மேடம், இன்னொரு ஐயம். எல்.ஐ.சி.யின் குழு விடுப்புப் பணத் திட்டத்தில் ஆண்டுதோறும் பணம் கட்டுகிறவர்கள் அந்தத் தொகையைக் கழிவாகக் கேட்கிறார்களே, அது எப்படி?

---

மீனா (தணிக்கை அலுவலகம்) | 26 ஏப்ரல் 2025

சென்ற ஆண்டில் கேட்கவில்லை என்பதற்குப் படிவமே சான்று. பணம் கொடுத்ததும் உண்மை. எந்த ஆண்டு என்பதுதான் கேள்வியே தவிர, கழிவே கிடையாது என்று சொல்ல முடியாது. ஆனாலும் ஐயா எழுப்பியது வெறும் பயமன்று. தணிக்கையாளர் எழுத்தில் ஒரு குறிப்பு வைத்துக்கொள்வது நல்லது.

எல்.ஐ.சி. விஷயம் தீராத வழக்கு. தொழிலாளிக்கு நேராகக் கொடுத்தால்தான் கொடுத்ததாகும் என்று வருமான வரித் துறை வாதிடுகிறது. பணம் நிறுவனத்தின் கையை விட்டுப் போய்விட்டது என்று வரி செலுத்துவோர் வாதிடுகிறார்கள். நான் என் கட்சிக்காரர்களிடம் வழக்கு நடத்தத் தயாராக இருந்தால் மட்டும் கேளுங்கள் என்கிறேன்.

---

பெருந்துறை நிறுவனம் | 27 ஏப்ரல் 2025

நாங்கள் பிரைவேட் லிமிடெட், 35 பேர். இந்த இழையில் இருப்பதுபோல நாட்களை விகிதத்தால் பெருக்கி ஒதுக்கினோம். மதிப்பீட்டாளர் அறிக்கை எங்கே என்று தணிக்கையாளர் கேட்கிறார். 50 பேருக்குக் குறைவாக இருந்தால் தேவையில்லை என்றுதானே விதி?

---

மீனா (தணிக்கை அலுவலகம்) | 27 ஏப்ரல் 2025

அந்தத் தளர்வு கம்பெனி அல்லாத சிறு நிறுவனங்களுக்கு. எல்லாருக்கும் ஆண்டு முடிவிலேயே கொடுக்க வேண்டி வந்தால் எவ்வளவு என்ற எளிய கணக்கை 50 பேருக்குக் குறைந்த கூட்டாண்மை நிறுவனம் கணக்கியல் தரநிலை 15இன் கீழ் பின்பற்றலாம். அதனால்தான் வார்ப்படக் கணக்கரிடம் மதிப்பீட்டாளர் பேச்சையே எடுக்கவில்லை. சிறிய கம்பெனியாக இருந்தாலும் கம்பெனிக்கு மதிப்பீட்டாளர் கணக்கு வேண்டும். குறைவது முக்கியமாக விவரங்களை வெளியிடும் சுமைதான். உங்கள் தணிக்கையாளர் கேட்டது சரி.

இருப்புநிலைக் குறிப்பில் எந்தப் பகுதியை நடப்புப் பொறுப்பாகக் காட்டுவது என்பதையும் அவரோடு பேசிவிடுங்கள். மதிப்பீட்டாளர் நீண்டகாலம் என்று பிரித்துக் கொடுத்ததை அப்படியே போட்டுவிடுகிறார்கள். அடுத்த 12 மாதத்துக்குள் தொழிலாளி தன் விருப்பப்படி எடுத்துக்கொள்ள உரிமையுள்ள விடுப்பு அனைத்தும் நடப்புப் பொறுப்புதான்.

---

செல்வி திருப்பூர் | 9 டிசம்பர் 2025

பழைய இழையை மீண்டும் எழுப்புகிறேன். நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகளும் நடைமுறைக்கு வந்துவிட்டதால் ஊதியத்தின் வரையறை மாறிவிட்டது என்கிறார்கள். வரும் மார்ச் 31 ஒதுக்கீட்டைப் புதிய விகிதத்தில் போட வேண்டுமா?

---

சிவா (தொழிலாளர் சட்ட ஆலோசகர்) | 10 டிசம்பர் 2025

அடிப்படைச் சம்பளத்தைச் சிறிதாக வைத்துப் படிகளைப் பெரிதாகக் காட்டிய நிறுவனங்களுக்குத்தான் புதிய வரையறை அடி. விலக்கப்பட்ட படிகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால் தாண்டிய பகுதி ஊதியத்தில் சேரும். பணிக்கொடைப் பொறுப்பு அதனால் கூடும். தொழிற்சாலைத் தொழிலாளரின் விடுப்புக்கு நீங்கள் 80ஆம் பிரிவின்படி முழு ஊதியத்தின் சராசரியையே எடுத்து வந்திருந்தால் பெரிய மாற்றம் இராது. 240 நாள் 180 நாளாகக் குறைந்திருக்கிறது. ஆனால் விலகுபவருக்கு உழைத்த நாட்களுக்கு எப்படியும் கொடுக்க வேண்டும் என்று முன்பே பேசினோம், எனவே அதனால் ஒதுக்கீடு மாறாது. ஆண்டு முடிவில் தொழிலாளி கேட்டால் விடுப்பைப் பணமாக்கிக் கொடுக்க வேண்டும் என்பது புதியது.

---

மீனா (தணிக்கை அலுவலகம்) | 10 டிசம்பர் 2025

கேட்டால் கொடுக்க வேண்டும் என்றால், இதுவரை பணமாக்கும் வழக்கமே இல்லாத நிறுவனங்களும் இனி பணம் கொடுக்கும் பதிவைப் போட வேண்டி வரும். செல்வி, உங்கள் டேலி சம்பளத் தலைப்பை ஜனவரிக்குள் சரிசெய்துவிடுங்கள். விகிதம் கூடுகிற நிறுவனங்களில் அந்தக் கூடுதல் முழுவதும் 2025-26இன் செலவு. பழைய ஆண்டுகளின் உழைப்புக்கு உரியது என்றாலும் அதை முந்தைய ஆண்டின் விடுபாடாகக் காட்டக் கூடாது, ஏனென்றால் அன்றைய சட்டப்படி அன்றைய கணக்கு சரியாகவே இருந்தது. மாநில விதிகள் வந்த பிறகு விகிதத்தை மீண்டும் பார்ப்போம்.